காற்றில் கிழியாத ஃப்ளெக்ஸ் பேனர்: மடிப்பு, ரிங், காற்றுக் கீறல், எழுத்துக்கு விட வேண்டிய இடம்

வெளியில் கட்டிய ஃப்ளெக்ஸ் பேனர் கிழிந்து தொங்குவதைப் பார்த்தால் எங்கே கிழிந்திருக்கிறது என்று கவனியுங்கள். நடுவில் கிழிந்திருப்பது அபூர்வம். ஏதாவது ஒரு மேல் மூலையில், கயிறு கட்டுவதற்காக அடித்த உலோக ரிங் பிய்ந்திருக்கும். பல நேரம் ரிங் கயிற்றோடு கம்பத்திலேயே தங்கியிருக்கும், பேனர் மட்டும் கழன்று படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும். ஃப்ளெக்ஸ் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டுவது வழக்கம். உண்மையில் தவறு பெரும்பாலும் ஓரத்து 2 இன்ச்சில்தான் இருக்கும். அந்த 2 இன்ச் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் டிசைன் போடும்போதும், கடையில் சொல்லும்போதும், கம்பத்தில் கட்டும்போதும் என்ன செய்ய வேண்டும் என்பது தானாகவே விளங்கிவிடும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு போவோம். உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளி மைதானம். ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேற்குக் காற்று நாள் முழுக்க வீசும் பருவம். இலவசக் கண் சிகிச்சை முகாம் நடக்கப்போகிறது. வளாகத்துக்குள் இருக்கும் இரண்டு இரும்புக் கம்பங்களுக்கு நடுவே 12க்கு 4 அடியில் ஒரு பேனர் கட்ட வேண்டும். பின்னால் சுவர் கிடையாது, சட்டமும் கிடையாது. வெட்டவெளியில் காற்றை நேராக வாங்கும் பேனர் அது.

ஃப்ளெக்ஸுக்குள் இருக்கும் வலை

கடையில் வெட்டிப் போட்ட ஒரு துண்டை வாங்கி அதன் ஓரத்தை உற்றுப் பாருங்கள். வெள்ளை இழைகள் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும். அவை பாலியெஸ்டர் நூல்கள். அந்த நூல்களால் ஆன ஒரு வலையின் இரு பக்கமும் பிவிசி பூச்சு கொடுத்ததுதான் ஃப்ளெக்ஸ். மையைப் பிடிப்பதும் மழைத் தண்ணீரைத் தடுப்பதும் பிவிசியின் வேலை. இழுவையைத் தாங்குவது முழுக்க உள்ளே இருக்கும் நூல்தான். சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று சொல்லும் எடையை மட்டும் வைத்து வலிமையைக் கணிக்கக்கூடாது என்பது இதனால்தான். பூச்சைக் கூட்டினாலும் எடை கூடும், நூலைக் கூட்டினாலும் எடை கூடும். நமக்கு வேண்டியது நூல். துண்டின் ஓரத்தில் கத்தரியால் சிறிதாக ஒரு வெட்டு கொடுத்து அங்கிருந்து கையால் கிழித்துப் பாருங்கள். காகிதம் மாதிரி சர்ரென்று போனால் வெட்டவெளிக்கு அது வேண்டாம். நூல்கள் கூட்டமாகச் சேர்ந்து கையை எதிர்த்தால் பரவாயில்லை.

இப்போது ரிங்குக்கு வருவோம். ரிங்கைக் கயிறு கம்பத்தை நோக்கி இழுக்கிறது. ரிங் பிய்ந்து வராமல் தடுப்பது ரிங்குக்கும் பேனரின் வெளி ஓரத்துக்கும் நடுவே குறுக்கே ஓடும் நூல்கள் மட்டுமே. மலிவான ஃப்ளெக்ஸில் ஓர் இன்ச்சுக்கு ஏறக்குறைய 12 முதல் 18 நூல் இருக்கும். ஓரத்தை மடிக்காமல் அரை இன்ச் உள்ளே தள்ளி ரிங் அடித்தால், ஓட்டைக்குப் போனது போக நாலைந்து நூல்கள்தான் மிஞ்சும். அவற்றுக்கும் வெளியே பிடிமானம் ஏதும் இல்லை, வெட்டிய முனைதான். காற்று ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் ஒரு நூல் நகரும். கடைசி நூல் வெளியே வந்ததும் ரிங் கயிற்றோடு நின்றுவிடும்.

ஓரத்தைப் பின்பக்கமாக 2 இன்ச் மடித்து ஒட்டிவிட்டால் நிலைமை வேறு. ஒரே இடத்தில் இரண்டு வலைகள் வந்துவிடுகின்றன. வெளி ஓரத்தில் வெட்டுமுனை இல்லை, மடிந்த முதுகு இருக்கிறது. மடிப்பின் நடுவில், அதாவது மடித்த ஓரத்திலிருந்து 1 இன்ச் உள்ளே ரிங் அடித்தால், முன்பு நாலைந்து நூல் தாங்கிய இடத்தில் இப்போது 20 நூலுக்கு மேல் தாங்கும். கூடுதல் செலவு மிகக் குறைவு. ஆனாலும் அவசரத்தில் கடையில் முதலில் கைவிடப்படுவது இந்த மடிப்புதான். கேட்டால்தான் செய்வார்கள், அதனால் கேளுங்கள்.

மடிப்பைப் பிடிக்க வைக்க மூன்று வழிகள் இருக்கின்றன. நம் ஊர்க் கடைகளில் அதிகம் நடப்பது ஃப்ளெக்ஸ் பசை தடவி ஒட்டுவது. பெரிய கடைகளில் சூடான காற்றால் பிவிசியை உருக்கி ஒட்டும் எந்திரம் இருக்கும், அது நன்றாகப் பிடிக்கும். மூன்றாவது தையல். தையலும் உறுதிதான், ஆனால் நெருக்கமாகத் தைத்தால் ஊசி ஓட்டைகள் வரிசையாக விழுந்து கிழிவதற்குக் கோடு போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். தைப்பதாக இருந்தால் எட்ட எட்டத் தைக்கச் சொல்லுங்கள். பசை என்றால் பின்பக்கத்தைத் துடைத்துவிட்டு ஒட்ட வேண்டும், தூசி மேல் தடவிய பசை வெயில் ஏறியதும் விட்டுவிடும். ஒட்டி ஒரு நாள் ஆன பிறகு மடிப்பின் மூலையை நகத்தால் கிளப்பிப் பாருங்கள். நகம் உள்ளே போனால் அந்த ஒட்டு காற்றில் நிற்காது.

12க்கு 4 என்றால் எந்த 12க்கு 4?

முதல் முறை டிசைன் போடுபவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான். கடையில் இருக்கும் ஃப்ளெக்ஸ் ரோல்கள் 3, 4, 5, 6, 8, 10 அடி என்று குறிப்பிட்ட அகலங்களில் வரும். 4 அடி உயரப் பேனரை 4 அடி ரோலில் அடித்தால் மேலும் கீழும் மடிக்க மிச்சம் எதுவும் இருக்காது. மடித்தால் டிசைனிலிருந்துதான் எடுத்து மடிக்க வேண்டும். அப்படிச் செய்யும்போது மேல் வரியின் தலையும் கீழ் வரியின் காலும் பின்பக்கம் போய்விடும்.

இதற்கு இரண்டு தீர்வுகள். மடித்து முடித்த பிறகு அளவு கண்டிப்பாக 12க்கு 4 அடி இருக்க வேண்டுமென்றால் நான்கு பக்கமும் 2 இன்ச் கூட்டி, 148க்கு 52 இன்ச்சில் டிசைன் கோப்பைத் தயாரிக்க வேண்டும். 52 இன்ச் 4 அடி ரோலில் அடங்காது, 5 அடி ரோலில்தான் போகும். வீணாகும் பகுதிக்கும் சேர்த்துப் பணம் கேட்பார்கள், அது நியாயம்தான். இன்னொரு வழி, 12க்கு 4 அடியிலேயே அடித்து அதற்குள்ளேயே மடிப்பது. கோப்பின் அளவு 144க்கு 48 இன்ச், மடித்த பிறகு கையில் வருவது 140க்கு 44 இன்ச். கம்பங்களுக்கு நடுவே கட்டும் பேனருக்கு 4 இன்ச் குறைவதால் ஒன்றும் கெட்டுப்போவதில்லை. நம் முகாம் பேனருக்கு இதையே எடுத்துக்கொள்வோம்.

கடையில் அளவைச் சொல்லும்போது கோவைப் பக்கத்து நல்ல கடைக்காரர் ஒருவர் உங்களிடம் இப்படித்தான் கேட்பார்: “சைஸ் மடிச்சதுக்கு அப்புறமுங்களா, மடிக்கிறதுக்கு முன்னாடிங்களா?” அவர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள்: “அடிக்கிறது 12க்கு 4 தானுங்கண்ணா. நாலு பக்கமும் ரெண்டு இன்ச் பின்னாடி மடிச்சு ஒட்டிட்டு, அப்புறமா ரிங் அடிச்சுடுங்க.” இந்த ஒரு வாக்கியத்தை வாட்ஸ்அப்பில் கோப்போடு சேர்த்து எழுதியும் அனுப்பிவிட்டால் பிறகு தகராறு வராது.

கோப்பில் போட வேண்டிய கோடுகள் இரண்டே இரண்டு. முதல் கோடு கோப்பின் ஓரத்திலிருந்து 2 இன்ச் உள்ளே. அது மடிப்புக் கோடு, பேனரின் உண்மையான ஓரம் அதுதான். இரண்டாவது கோடு அதிலிருந்து மேலும் 4 இன்ச் உள்ளே, அதாவது கோப்பின் ஓரத்திலிருந்து 6 இன்ச். எழுத்து, முகம், லோகோ, தொலைபேசி எண் எல்லாம் இந்த இரண்டாவது கோட்டுக்குள் அடங்க வேண்டும். ஃபோட்டோஷாப்பில் View > New Guide Layout என்ற இடத்தில் Margin கட்டங்களில் 6 in என்று கொடுத்தால் நான்கு பக்கமும் கோடு விழுந்துவிடும். பின்னணி நிறமோ படமோ மட்டும் கோப்பின் கடைசி ஓரம் வரை ஓட வேண்டும். அது மடிப்புக் கோட்டிலேயே நின்றுவிட்டால், மடிக்கும் கை கால் இன்ச் தவறினாலும் முன்பக்கம் ஒரு வெள்ளைப் பட்டை தெரியும்.

அழகுக்காகச் சுற்றிலும் மெல்லிய கட்டம் போடும் ஆசையை வெளிப் பேனரில் விட்டுவிடுவது நல்லது. கையால் மடிக்கும்போது ஒரு முனையில் 2 இன்ச்சும் மறு முனையில் 2¼ இன்ச்சும் வருவது சகஜம். ஓரத்தை ஒட்டிக் கட்டம் இருந்தால் அந்தக் கோணல் பளிச்சென்று தெரியும். கட்டம் இல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது.

4 இன்ச் எதற்கு?

ரிங்கின் மையம் ஓரத்திலிருந்து 1 இன்ச். ரிங்கின் விளிம்போடு சேர்த்தால் அது சுமார் ஒன்றரை இன்ச் வரைக்கும் போகும். அப்படியென்றால் 2 இன்ச் விட்டால் போதாதா என்று தோன்றும். கணினித் திரையில் போதும். கம்பத்தில் ஏறிய பேனர் திரையில் பார்த்தது போலத் தட்டையாக நிற்பதில்லை. ரிங் இருக்கும் இடத்தில் கயிறு வெளியே இழுக்கிறது, இரண்டு ரிங்குகளுக்கு நடுவில் ஓரம் உள்ளே வளைகிறது. ஒவ்வொரு ரிங்கிலிருந்தும் விசிறி போலச் சுருக்கங்கள் கிளம்பி 3, 4 இன்ச் வரை உள்ளே ஓடுகின்றன. அந்தச் சுருக்கத்துக்குள் விழும் எழுத்து தூரத்திலிருந்து படிப்பவருக்குக் குழம்பும்.

அதிகம் அடிபடுவது கீழ் ஓரம். நம் ஊர்ப் பேனர்களில் தலைப்பைப் பெரிதாக நடுவில் போட்டுவிட்டு, தொடர்புக்கு என்று தொலைபேசி எண்ணைக் கடைசி வரியில் மூலை வரை இழுத்துவிடுவார்கள். வலது கீழ் மூலையில் ரிங் அடிக்கும்போது எண்ணின் கடைசி இலக்கம் மேல் ஓட்டை விழும். பத்து இலக்கத்தில் ஒன்று போனால் மீதி ஒன்பதால் பயனில்லை. கண் காட்ட வர நினைத்த ஒரு பாட்டிக்காக அவருடைய பேரன் அந்த எண்ணைத்தான் அழைக்கப் பார்ப்பான். எந்த வரி தவறினாலும் அந்த வரி தவறக்கூடாது.

நம் பேனரில் எழுத்துக்கு மிஞ்சும் இடம் 132க்கு 36 இன்ச். இதை எப்படிப் பங்கிடுவது? 10 அடி தூரத்துக்கு 1 இன்ச் எழுத்துயரம் வசதியாகப் படிக்கப் போதும் என்பது விளம்பரப் பலகை எழுதுபவர்கள் வைத்திருக்கும் கணக்கு. 100 அடி தள்ளியிருக்கும் பள்ளி வாசலிலிருந்து தலைப்பு தெரிய வேண்டுமென்றால் 10 இன்ச். நாள், நேரத்துக்கு ஒரு வரி 5 இன்ச். இடத்துக்கு இன்னொரு வரி 5 இன்ச். தொலைபேசி எண் 4 இன்ச். மொத்தம் 24 இன்ச். மீதி 12 இன்ச்சை நான்கு வரிகளுக்கு நடுவே உள்ள மூன்று இடைவெளிகளுக்கு 4 இன்ச் வீதம் கொடுத்தால் 36 சரியாகிவிடுகிறது. ஐந்தாவது, ஆறாவது வரிக்கு இடமில்லை என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும். வாழ்த்துவோர் பட்டியலைச் சேர்த்தே ஆக வேண்டும் என்றால் பேனரைப் பெரிதாக்குங்கள், ஓரத்தைத் தின்னாதீர்கள்.

தமிழ் எழுத்துக்கு ஒரு கூடுதல் கவனம் வேண்டும். ‘க்’ கின் புள்ளியும் ‘கி’யின் கொக்கியும் மேலே எழும்பும், ‘மு’, ‘கு’, ‘சூ’ எல்லாம் கீழே இறங்கும். உயரத்தை அளக்கும்போது புள்ளியின் தலையிலிருந்து உகரத்தின் அடி வரை அளக்க வேண்டும். எழுத்தின் உடலை மட்டும் அளந்துவிட்டு வரியைக் கோட்டோடு ஒட்டினால் ‘முகாம்’ என்பதன் ‘மு’ கோட்டைத் தாண்டியிருக்கும். கோப்பை அனுப்பும் முன் கோரல் டிராவில் எல்லா எழுத்தையும் தேர்ந்தெடுத்து Ctrl+Q அழுத்தி வடிவமாக மாற்றிவிடுங்கள். கடைக் கணினியில் அந்தத் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டாலும் எழுத்து உடையாது.

காற்று எவ்வளவு தள்ளுகிறது?

காற்றின் அழுத்தத்தை மதிப்பிட இந்தியத் தர நிர்ணயமான IS 875 இன் மூன்றாம் பகுதியில் ஓர் எளிய வாய்ப்பாடு இருக்கிறது:

```
p = 0.6 × V²
```

V என்பது நொடிக்கு எத்தனை மீட்டர் வேகம், p என்பது சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன் அழுத்தம். தட்டையான பலகை போல நிற்கும் பொருளுக்கு இதைச் சுமார் 1.2 ஆல் பெருக்கிக்கொள்ளலாம். நம் பேனரின் பரப்பு ஏறக்குறைய 4 சதுர மீட்டர். மணிக்கு 20 கிலோமீட்டர் காற்றில் பேனர் மேல் விழும் தள்ளு சுமார் 9 கிலோ எடைக்குச் சமம். 40 கிலோமீட்டரில் சுமார் 36 கிலோ. 60 கிலோமீட்டரில் 80 கிலோவைத் தாண்டுகிறது. வேகம் இரட்டித்தால் தள்ளு நான்கு மடங்காகிறது. காலையில் அமைதியாக நின்ற பேனர் மதியத்துக்கு மேல் திடீரென்று கிழிவதற்கு இதுவே காரணம்.

இந்தத் தள்ளைவிட முக்கியமானது கம்பத்தில் விழும் இழுவை. பேனரை விறைப்பாக இழுத்துக் கட்டினால்தான் உறுதி என்று நாம் நினைக்கிறோம். கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. இரண்டு முனையிலும் கட்டிய துணி காற்றில் தொப்பை போடும். அந்தத் தொப்பை எவ்வளவு ஆழமோ அவ்வளவுக்கு இழுவை குறையும். 40 கிலோமீட்டர் காற்றில் நம் பேனர் 12 இன்ச் தொப்பை போட இடம் கொடுத்தால் ஒவ்வொரு கம்பப் பக்கமும் விழும் இழுவை சுமார் 52 கிலோ. 6 இன்ச்தான் என்றால் 105 கிலோ. விறைப்பாகக் கட்டி 3 இன்ச்தான் விட்டோமென்றால் 210 கிலோ. காற்று ஒன்றுதான், பேனரும் அதேதான், கட்டிய விதம் மட்டுமே மாறியிருக்கிறது. அதற்காகத் தொளதொளவென்று விட்டுவிடவும் கூடாது. படபடவென்று அடிக்கும் பேனர் ஒவ்வொரு அடியிலும் ரிங்கைச் சுண்டி இழுக்கும், மடிப்பின் ஒட்டும் விட்டுப்போகும். காற்றில்லாத நேரத்தில் சுருக்கமில்லாமல் நின்று, நடுவில் உள்ளங்கையால் அழுத்தினால் அரை அடிக்கு மேல் உள்வாங்கும் அளவுக்குக் கட்டினால் சரியாக இருக்கும்.

காற்றுக் கீறல் பற்றிய நம்பிக்கை

காற்று போக வேண்டும் என்று பேனரில் அரைநிலா வடிவத்தில் அங்கங்கே வெட்டி விடுவதைப் பார்த்திருப்பீர்கள். பாதி வட்டமாக வெட்டிய அந்த மடல் காற்றில் திறந்துகொள்ளும், அதன் வழியே காற்று போய்விடும், பேனர் தப்பிக்கும் என்பது நம்பிக்கை. இதிலும் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம். 4 இன்ச் விட்டமுள்ள அரைநிலாவின் பரப்பு சுமார் 6¼ சதுர இன்ச். நம் பேனரின் பரப்பு 6,160 சதுர இன்ச். வழக்கமாக வெட்டுவது போல 12 கீறல் போட்டால் திறக்கும் இடம் மொத்தமே 75 சதுர இன்ச், அதாவது நூற்றுக்கு ஒன்றே கால். பத்தில் ஒரு பங்கு காற்றாவது போக வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 100 கீறல் வேண்டும். அவ்வளவு வெட்டிய பிறகு அதில் படிக்க எதுவும் இருக்காது.

நன்மை இவ்வளவு சிறிது. தீமையோ சிறிதல்ல. ஒவ்வொரு கீறலும் பேனரைத் தாங்கும் நூல்களை அறுக்கிறது. 4 இன்ச் அகலத்துக்குச் செல்லும் அத்தனை நூல்களும் அந்த இடத்தில் துண்டாகிவிடுகின்றன. கீறலின் இரண்டு முனைகளிலும் இழுவை குவிகிறது. அந்த முனையிலிருந்துதான் கிழிசல் கிளம்பும். மடிப்பும் ரிங்கும் சரியாக இருக்கும் பேனருக்குக் கீறல் தேவையில்லை என்பதே என் முடிவான கருத்து. மடிப்பும் ரிங்கும் சரியில்லாத பேனரைக் கீறல் காப்பாற்றப்போவதும் இல்லை. காற்று உண்மையிலேயே போக வேண்டும் என்ற இடத்துக்கு மெஷ் ஃப்ளெக்ஸ் என்று தனியாக ஒரு வகை கிடைக்கிறது, பரப்பு முழுக்கச் சிறு சிறு ஓட்டைகளுள்ள சல்லடைத் துணி. விலை கூடுதல், எல்லாக் கடையிலும் இருக்காது, நுண்ணிய எழுத்து அதில் தெளிவாக வராது. ஆனால் 20, 30 அடி நீளப் பேனரை ஆடிக் காற்றில் நிறுத்த வேண்டுமென்றால் கீறலைவிட அது எவ்வளவோ மேல்.

அப்படியும் கீறல் போட்டே ஆக வேண்டும் என்று ஏற்பாட்டாளர் சொன்னால், கெடுதல் குறையும்படி போடலாம். வளைவு கீழ்ப்பக்கமும் வெட்டாத நேர்க்கோடு மேல்பக்கமும் இருக்க வேண்டும். அப்போது மடல் தன் எடையால் தொங்கி மூடிக்கொள்ளும், காற்று வரும்போது மட்டும் திறக்கும். தலைகீழாக வெட்டினால் மடல் முன்னால் சரிந்து பல் இளித்துக்கொண்டு நிற்கும். கீறலின் இரு முனைகளிலும் ஒரு சிறு வட்ட ஓட்டை போட்டுவிட்டால் கூர்முனை போய்விடும், கிழிசல் எளிதில் ஓடாது. எழுத்துக்கு நடுவே வெட்டக்கூடாது, நாம் விட்டுவைத்த 4 இன்ச் வரி இடைவெளிகளில்தான் வெட்ட வேண்டும். ஓரத்திலிருந்து ஓர் அடிக்குள்ளும் வெட்டக்கூடாது, இழுவை அதிகம் ஓடும் பகுதி அது.

ரிங்கும் கயிறும்

ரிங் வாங்கும்போது சட்டைப் பையில் ஒரு சிறு காந்தம் இருந்தால் உபயோகப்படும். காந்தத்தில் ஒட்டினால் இரும்பு, மேலே முலாம் மட்டுமே. இரண்டு மழையில் துருவேறி ஃப்ளெக்ஸில் பழுப்புக் கோடு இறங்கும். ஒட்டாவிட்டால் பித்தளையாகவோ அலுமினியமாகவோ இருக்கும். அலுமினியம் மெத்தென்றிருக்கும், அதிக இழுவையில் கோணிவிடும். பித்தளையே நல்லது. எதுவாக இருந்தாலும் பின்பக்கத்து வாஷர் கட்டாயம் இருக்க வேண்டும். வாஷர் இல்லாமல் ரிங்கை மட்டும் அடித்துத் தட்டிவிட்டால் அது ஃப்ளெக்ஸைப் பிடிக்காது, ஓட்டையில் சும்மா உட்கார்ந்திருக்கும். அடித்த பிறகு ரிங்கை விரலால் சுழற்றிப் பாருங்கள். சுழன்றால் இன்னும் ஒருமுறை அடிக்க வேண்டும்.

நம் பேனரின் இழுவையைப் பெரும்பாலும் தாங்கப்போவது கம்பத்தை ஒட்டிய இரண்டு குட்டைப் பக்கங்கள். அங்கே ஓர் அடிக்கு ஒன்று, மூலைகளையும் சேர்த்துப் பக்கத்துக்கு ஐந்து. மேல், கீழ் ஓரங்களில் இரண்டடிக்கு ஒன்று போதும், மூலைகளோடு சேர்த்து ஏழு. மொத்தம் 20 ரிங். சுற்றிலும் ஒரே இடைவெளியில் அடிக்கும் பழக்கத்தைவிட இழுவை எங்கே விழுகிறதோ அங்கே நெருக்கி அடிப்பது மேல்.

இதற்கும் மேலே ஒரு வேலை செய்யலாம். மேல் மடிப்புக்குள்ளும் கீழ் மடிப்புக்குள்ளும் ஒரு நைலான் கயிற்றை வைத்து ஒட்டச் சொல்லுங்கள், இரு பக்கமும் மூன்று அடி நீளம் வெளியே வரட்டும். அந்தக் கயிறுகளைக் கம்பத்தில் கட்டிவிட்டால் பேனரின் இழுவையில் பெரும்பங்கு கயிற்றுக்குப் போய்விடும். ரிங்குகள் பேனரை விரித்துப் பிடிக்கும் வேலையை மட்டும் பார்க்கும். கயிறு மடிப்பின் முதுகை ஒட்டி ஓட வேண்டும், ரிங் அதற்கு உள்ளே தள்ளி விழ வேண்டும். ரிங் அடிப்பவரிடம் கயிறு இருக்கிறது என்று சொல்லாவிட்டால் கயிற்றின் மேலேயே பஞ்ச் போட்டு அறுத்துவிடுவார்.

கட்டும்போது கட்டுக்கம்பி வேண்டாம். மெல்லிய கம்பி ரிங்குக்கும் ஃப்ளெக்ஸுக்கும் நடுவே நுழைந்து கத்தி போல அறுக்கும். ஒவ்வொரு ரிங்குக்கும் தனித்தனி நைலான் கயிறு போடுங்கள். ஒரே கயிற்றை எல்லா ரிங்கிலும் ஓட்டினால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் ஓர் இடத்தில் அறுந்தால் வரிசையாக எல்லாம் தளர்ந்துவிடும். மேல் மூலைகள் இரண்டையும் முதலில் கட்டி, பிறகு கீழ் மூலைகள், அதற்குப் பிறகு நடு ரிங்குகள். மூலைகளில் மட்டும் முடிச்சை இறுக்கிவிட்டு நடு ரிங்குகளைத் தளரவிட்டால் மொத்த இழுவையும் நான்கு மூலைக்குப் போகும். கிழிந்த பேனர்களில் பெரும்பாலும் மூலைதான் பிய்ந்திருக்கிறது என்று தொடக்கத்தில் சொன்னதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சாலைக்குக் குறுக்கேயோ நடுத்தடுப்பிலோ எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் பேனர் வைக்கக்கூடாது. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் சாலை நடுவே வைத்திருந்த பேனர் ஒன்று விழுந்ததில் இருசக்கர வாகனத்தில் வந்த இளம்பெண் நிலைகுலைந்து, பின்னால் வந்த தண்ணீர் லாரியில் சிக்கி உயிரிழந்தார். 80 கிலோ தள்ளு வாங்கும் ஒரு பொருள் கழன்றால் எங்கே போய் விழும் என்பதைக் கட்டுபவர் முதலில் பார்க்க வேண்டும். நம் பேனர் வளாகத்துக்குள் நிற்பதாக வைத்துக்கொண்டது அதனால்தான். பொது இடமென்றால் உள்ளாட்சி அமைப்பின் அனுமதியும் வேண்டும்.

கட்டிய மறுநாள் காலை ஒருமுறை போய்ப் பாருங்கள். புதுக் கயிறு ஒரு இரவில் கொஞ்சம் நீண்டிருக்கும், முடிச்சுகளைச் சரிசெய்ய வேண்டியிருக்கும். ரிங்கைச் சுற்றி ஃப்ளெக்ஸில் வெள்ளை வெள்ளையாகக் கோடு தெரிந்தால் அங்கே நூல் நகரத் தொடங்கிவிட்டது. வட்ட ஓட்டை நீள்வட்டமாகி ரிங்கின் ஒரு பக்கம் இடைவெளி தெரிந்தால் அந்த ரிங் இன்னும் அதிக நேரம் நிற்காது. அந்தக் கயிற்றைத் தளர்த்தி, பக்கத்தில் 3 இன்ச் தள்ளி மடிப்பிலேயே புது ரிங் ஒன்று அடித்து இழுவையை அதற்கு மாற்றுங்கள். பழைய ஓட்டையின் பின்பக்கம் ஒரு ஃப்ளெக்ஸ் துண்டைப் பசை போட்டு ஒட்டிவிட்டால் கிழிசல் அங்கேயே நின்றுவிடும்.

பலத்த காற்று வரும் என்று வானிலை அறிவிப்பு வந்தால் முடிச்சை இன்னும் இறுக்கப் போகாமல் பேனரை இறக்கிவிடுங்கள். கீழ் ரிங்குகளை முதலில் அவிழ்க்காதீர்கள், அவிழ்த்தால் பேனர் பாய்மரம் போல மேலே கிளம்பி ஏணியில் நிற்பவரைத் தள்ளிவிடும். காற்று வரும் பக்கத்துக் கம்பத்தில் ஓர் ஆள் பிடித்துக்கொள்ள, மறுபக்கக் கம்பத்தை முழுக்க அவிழ்த்து அங்கிருந்தே சுருட்டிக்கொண்டு வர வேண்டும். அச்சடித்த பக்கம் வெளியே தெரியும்படி சுருட்டுங்கள். மடித்து வைத்தால் மடிந்த கோட்டில் மை வெடித்துவிடும், அடுத்த நாள் கட்டும்போது அந்தக் கோடு எழுத்தின் மேல் நிற்கும்.